அத்தை அழுத்திய ஒன்று

2024 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம், பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கும் அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது அத்தையின் போன் அடித்தது. வாஷிங் மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் அத்தை பேசுவார், அதனால் எனக்கும் கேட்டது.

"அம்மா, எங்க ஆளு உங்ககிட்ட சரியாப் பேசலையா? என்ன குறைன்னு சொன்னீங்கன்னா பதிவு பண்ணிக்கிறேன்."

"யாரும்மா குறை சொன்னது? அந்தத் தம்பி மாதிரி பொறுமையா என்கிட்ட யாருமே பேசினதில்லை."

"நேத்து ராத்திரி எஸ்எம்எஸ்ல ஒண்ணுதான் கொடுத்திருக்கீங்க அம்மா."

"ஆமா, ஒண்ணு. முதல் ரேங்க்."

நான் ரசக் கரண்டியைக் கீழே வைத்தேன். இதே ஊரில் ஒரு கால் சென்டரின் தரக் கண்காணிப்புப் பிரிவில் ஆறு வருடம் இருந்தவன் நான். மற்றவர்கள் பேசிய அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுவதுதான் வேலை. 1 முதல் 5 வரையான அளவில் 1 வந்தால் அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் குழுத் தலைவருக்குச் சிவப்பு எச்சரிக்கை போகும். அவர் ஒரு நாளுக்குள் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்க வேண்டும். பேசியவரின் அந்த மாதக் கணக்கில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். அந்தத் தம்பி அந்த மாதத்தில் பேசியதிலேயே சிறந்த அழைப்பு இதுவாக இருக்கலாம். கணக்கில் அது மோசமான அழைப்பாக ஏறியிருந்தது.

அத்தை அப்போதே அந்தப் பெண்ணிடம் தவறைச் சொல்லிவிட்டார். அவரும் சிரித்தார். ஆனால், "நான் குறிப்பு எழுதி வைக்கிறேன் அம்மா, மார்க்கை மட்டும் நாங்க மாத்த முடியாது, நீங்க எழுத்துல ஒரு மெயில் அனுப்பினா நல்லா இருக்கும்" என்றார். அது சாக்கு இல்லை. வாடிக்கையாளர் போட்ட மதிப்பெண்ணைக் குழுத் தலைவர்களே திருத்த முடிந்தால் எல்லோருக்கும் 5தான் இருக்கும். அதனால் பெரும்பாலான இடங்களில் அந்தக் கதவைப் பூட்டி வைத்திருப்பார்கள். வாடிக்கையாளரே எழுத்தில் சொன்னால், அதைச் சான்றாக இணைத்து, இந்த ஒரு மதிப்பெண்ணைக் கணக்கிலிருந்து விலக்குங்கள் என்று மேலே விண்ணப்பிக்கலாம். அதுவும் மாதக் கணக்கை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

அப்படி ஒரு பாராட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். என்ன நடந்தது என்று தெரியாமல் எழுத முடியாது. அதனால் முதலில் அத்தையிடம் முழுக் கதையையும் கேட்டேன்.

அத்தை வீடு மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். போர் தண்ணீர், பற்றாக்குறை வந்தால் டேங்கர். 2024 கோடையில் பெங்களூரு கிழக்கே பல இடங்களில் போர் வற்றி, டேங்கருக்காக ஜனங்கள் தெருவில் நின்றது நினைவிருக்கும். அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். ஆனால் அத்தை வீட்டுக்கு அந்தத் தண்ணீர் வரவில்லை. போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும்.

மெஷின் முன்பக்கம் திறக்கும் வகை, ஏழு கிலோ, வாங்கி எட்டு மாதம். வாரன்டி இருந்தது. நவம்பர் 11, திங்கள் சாயங்காலம் துணி போட்டுப் பொத்தானை அழுத்தினால் உறுமிக்கொண்டே இருந்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஏறவில்லை என்று திரையில் குறி காட்டி நின்றுவிட்டது. குழாயைத் திறந்து பார்த்தால் தண்ணீர் நன்றாகவே கொட்டுகிறது. அத்தை கம்பெனிக்குக் கூப்பிட்டார். முதலில் பேசியவர் மூன்றே நிமிடத்தில் டெக்னீஷியனுக்குப் பதிவு செய்து வைத்துவிட்டார். செவ்வாய் காலை பத்தரைக்கு ஒருவர் வந்தார், மெஷினை ஓட்டினார், ஓடியது. குறை எதுவும் இல்லை என்று எழுதி மூடிவிட்டுப் போனார். புதன் சாயங்காலம் மறுபடி அதே குறி. இரண்டாவதாகப் பேசியவர், இன்னொரு முறை ஆள் அனுப்பலாம், ஆனால் இந்தத் தடவையும் குறை இல்லை என்றால் வந்து பார்த்ததற்குக் கட்டணம் விழும் என்றார். அத்தை யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

வியாழன் இரவு ஏழே காலுக்கு மேல் மூன்றாவது அழைப்பு. அதில்தான் அந்தத் தம்பி வந்தார். தங்கவயல் பக்கத்துப் பையன். பேச்சிலேயே அத்தைக்குத் தெரிந்துவிட்டது, கேட்டபோது அவரும் ஆமாம் என்றிருக்கிறார். தங்கவயலில் 2001இல் சுரங்கத்தை மூடியபிறகு அங்கிருந்து ரயில் பிடித்துத் தினமும் பெங்களூரு வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். அந்த ரயில் கே.ஆர்.புரம் வழியாகத்தான் போகும். "நம்ம ஸ்டேஷன் வழியாத்தான்டா அந்தப் பையன் தினமும் போறான்" என்று அத்தைக்கு அதில் தனிச் சந்தோஷம்.

அவர் முதலில் செய்த காரியம் பேசாமல் இருந்தது. "ஒரு நிமிஷம் அம்மா, முன்னாடி என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சிட்டு வரேன், நீங்க திரும்பச் சொல்ல வேண்டாம்" என்றிருக்கிறார். படித்துவிட்டு வந்து கேட்ட கேள்வி மெஷினைப் பற்றியே இல்லை.

"அம்மா, உங்க வீட்ல மோட்டார் எப்போ போடுவாங்க?"

நான் இந்தக் கதையில் மயங்கிய இடம் இது. முந்தைய இரண்டு அழைப்புகளும் சாயங்காலம் வந்தவை, டெக்னீஷியன் வந்தது காலையில். அந்த நேரங்கள் எல்லோர் கண் முன்னாலும் திரையில் இருந்தன. படித்தவர்கள் யாரும் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. வீட்டு ஓனர் காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டு டேங்கை நிரப்புவார். நாலு குடித்தனமும் பகல் முழுக்க இறைத்த பிறகு, அத்தை துணி போடும் நேரத்தில் டேங்கில் அடித் தண்ணீர்தான் இருக்கும். பேரனைப் பள்ளிக்கு அனுப்பி, சமையலை முடித்து, மத்தியானம் சற்றுப் படுத்து எழுந்து, சாயங்காலம்தான் அத்தை துணி துவைப்பார். அதாவது அத்தை துவைக்கும் நேரமும் டேங்க் காலியாகும் நேரமும் ஒன்று.

"அதனால என்ன தம்பி, குழாய்ல தண்ணி நல்லாத்தானே வருது?"

இதற்குப் பதில் சொல்லித்தான் அவர் நேரம் எடுத்துக்கொண்டார். குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது ஒன்று, எவ்வளவு தள்ளிக்கொண்டு வருகிறது என்பது வேறு. மெஷினுக்குள் தண்ணீரை விடும் வால்வு மின்சாரத்தால் முழுக்கத் திறப்பது இல்லை. உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு இருக்கும். மின்சாரம் ஒரு சின்னத் துளையை மட்டும்தான் திறந்துவிடும். அந்தத் துளை திறந்ததும், வருகிற தண்ணீரின் அழுத்தமே சவ்வைத் தூக்கிப் பெரிய வழியைத் திறக்க வேண்டும். அழுத்தம் போதவில்லை என்றால் சவ்வு எழும்பாது, தண்ணீர் சொட்டும், மெஷின் காத்திருந்து பார்த்துவிட்டு நின்றுவிடும். கையால் திருகும் குழாய்க்கு இந்தக் கவலை இல்லை. அதனால்தான் குழாயில் கொட்டும், மெஷினில் ஏறாது. அவர் இதை அத்தையிடம் எப்படிச் சொன்னார் தெரியுமா? "நம்ம ஊர்க் கிணத்துல ஏத்தம் இறைக்கிற மாதிரி அம்மா, தண்ணி இருந்தா போதாது, தூக்கவும் ஆளு வேணும்." வால்வை விளக்க இதைவிடச் சுருக்கமாக எனக்கு வராது.

அப்புறம் அளவு. டேங்க் ஸ்டாண்ட் மேல் இருக்கிறதா, தளத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்டார். அத்தைக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. பக்கத்து வீட்டுப் பையன் ஏறிப் பார்த்துவிட்டு வரும்வரை காத்திருந்தார். தளத்திலேயேதான் இருந்தது. வீட்டுக் கூரை பத்தடி, மெஷினில் தண்ணீர் நுழையும் இடம் தரையிலிருந்து மூன்றடி. அப்படியென்றால் டேங்கின் அடிக்கும் மெஷினுக்கும் நடுவே ஏழு, ஏழரை அடிதான், சுமார் 2.2 மீட்டர். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கொடுக்கும். ஆகவே டேங்க் காலியாகும் நேரத்தில் 0.22 பார். டேங்கில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரம்பியிருந்தால் 0.32. அந்த மெஷினின் கையேட்டில் குறைந்தபட்சம் 0.3 பார் வேண்டும் என்று போட்டிருந்தது. காலையில் கோட்டுக்கு மேலே, சாயங்காலம் கோட்டுக்குக் கீழே. டெக்னீஷியனும் பொய் சொல்லவில்லை, அத்தையும் பொய் சொல்லவில்லை.

அப்படியானால் முதல் எட்டு மாதம் எப்படி ஓடியது? இதையும் அவரே எடுத்தார், நான் கேட்க நினைத்த கேள்வி. மெஷினின் பின்பக்கம், குழாய் மாட்டும் இடத்தில் உள்ளே ஒரு சின்ன வலை இருக்கும். உப்புத் தண்ணீரில் அது மெதுவாக அடைபடும், இருக்கிற கொஞ்ச அழுத்தத்தையும் தின்றுவிடும். புது மெஷினில் வலை சுத்தமாக இருந்ததால் சாயங்காலமும் எப்படியோ தொற்றிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் இரவு எட்டு மணிக்கு அத்தையைத் தனியாக மெஷினை நகர்த்தச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார். "நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு நானே கூப்பிடறேன் அம்மா, வீட்ல யாராவது கூட இருக்கட்டும்." அந்த அழைப்பு 47 நிமிடம்.

வெள்ளி காலை சொன்னபடி கூப்பிட்டார். பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, குழாயை மூடச் சொல்லி, அதைச் செய்துவிட்டோம் என்று அத்தை வாயால் சொன்ன பிறகுதான் அடுத்ததற்குப் போனார். பக்கத்து வீட்டுப் பையன் குறடால் வலையை இழுத்து எடுத்தான். சுண்ணாம்பும் செம்மணலும் அப்பியிருந்தது. வினிகரில் அரை மணி ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, மறுபடி மாட்டச் சொன்னார். ஊறுகிற நேரத்துக்குப் போனை வைத்துவிட்டு, மறுபடி கூப்பிட்டார். இரண்டும் சேர்ந்து இருபது நிமிடம். மெஷின் ஓடியது. அத்தைக்கு மகிழ்ச்சி. அவருக்கு இல்லை. "காலைல எப்பவும் ஓடும் அம்மா, சாயங்காலம் பார்த்தாத்தான் நிச்சயம்" என்றார்.

சாயங்காலம் ஆறரைக்குப் போன். மெஷின் நின்றிருந்தது. வலை சுத்தம், வால்வு நல்லது, அப்படியும் நிற்கிறது என்றால் மிச்சம் அழுத்தம்தான். இங்கே அவர் செய்திருக்கக்கூடிய சுலபமான வேலை, வால்வை மாற்ற ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி ஆறுதல் கொடுப்பது. வால்வை மாற்றினால் காலையில் ஓடும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், சாயங்காலம் நிற்கும். அவர் நேராகச் சொல்லிவிட்டார். மெஷினில் குறை இல்லை, கம்பெனி இதற்கு எதுவும் செய்து தர முடியாது, டேங்கை நாலடி ஸ்டாண்டில் தூக்க வேண்டும், இல்லையென்றால் மெஷினுக்கு முன்னால் சின்னதாக ஒரு பிரஷர் பம்ப் வைக்க வேண்டும். அதுவரை காலையில் துவையுங்கள். செங்கல் அடுக்கி நீங்களே தூக்கிவிடாதீர்கள், ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு டன், கீழே பீம் எங்கே ஓடுகிறது என்று மேஸ்திரி பார்க்க வேண்டும். ஆறே நிமிடம். கட்டணம் விழாதபடி குறிப்பிலும் எழுதி வைத்தார்.

அன்று இரவு வந்த எஸ்எம்எஸ்ஸுக்குத்தான் அத்தை ஒன்று அழுத்தினார்.

கதை இவ்வளவு. இனி கடிதம்.

சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை போனில் பேசியே தட்டச்சு செய்த முதல் வடிவம் இது: "அந்தத் தம்பி தங்கமான பையன். நல்லா இருக்கணும். மத்தவங்க எல்லாம் ஏனோதானோன்னு பேசினாங்க, வந்த டெக்னீஷியன் ஒண்ணும் தெரியாதவன். இந்தப் பையன் ஷிப்ட் முடிஞ்சும் எனக்காக உட்கார்ந்து பேசினான். அவனுக்குச் சம்பளம் ஏத்திக் கொடுங்க."

படிக்க எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் இதை அனுப்ப வேண்டாம் என்றேன். அத்தை முறைத்தார்.

முதல் காரணம், இதில் எந்தத் தம்பி என்று இல்லை. ஒரு மாடியில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். சேவை எண்ணும் தேதியும் பதிவு செய்த போன் எண்ணும் இல்லாத நன்றிக் கடிதத்தைப் பொது மெயில் பெட்டியில் இருப்பவர் திறப்பார், 'தங்கள் அன்பான சொற்களுக்கு நன்றி' என்ற அச்சு வார்த்தையை அனுப்புவார், மூடுவார். அது கெட்ட எண்ணத்தால் அல்ல. தேடிப் பிடிக்க அவரிடம் பிடிமானம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, மற்றவர்களைத் திட்டிய வரி. வருகிற கடிதத்தைப் பிரிப்பவர் அதில் புகார் இருந்தால் புகார் என்றுதான் வகைப்படுத்துவார். அப்புறம் அது புகார்ப் பிரிவுக்குப் போய், டெக்னீஷியனிடம் விளக்கம் கேட்பதோடு முடியும். தம்பி நடுவில் காணாமல் போவார். தவிர, டெக்னீஷியன் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. காலை பத்தரைக்கு ஓடுகிற மெஷினைப் பார்த்து வேறென்ன எழுதுவார்? வேண்டுமானால் தனியாக இன்னொரு கடிதம் எழுதலாம் என்றேன். அத்தை எழுதவில்லை.

மூன்றாவது, ஷிப்ட் முடிந்தும் பேசினான் என்ற வரி. அத்தைக்கு இது பெரிய புகழ்ச்சி. உள்ளே இருப்பவர்களுக்கு இது கேள்வி. அனுமதி வாங்கித்தான் கூடுதல் நேரம் இருந்தாரா, வீட்டு வண்டியைத் தவறவிட்டாரா, சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டாரா? கடைசியாகச் சொன்னது உண்மையில் வேலையே போகும் தவறு, வாடிக்கையாளரின் எண் வெளியே போகக் கூடாது என்பதால். அத்தையின் போனில் பார்த்தேன், மூன்று அழைப்பும் கம்பெனி எண்ணிலிருந்துதான் வந்திருந்தது. அதை எழுதினோம். எட்டு மணிக்கு அவர் ஷிப்ட் முடிகிறது என்பது அத்தைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவன் பின்னாடி யாரோ பையை மாட்டுற சத்தம் கேட்டுச்சு" என்றார். தெரியாததை எழுத வேண்டாம் என்று அந்த வரியை எடுத்துவிட்டோம்.

சம்பள வரியையும் எடுத்தோம். அதைப் படிப்பவரின் கையில் சம்பளம் இருக்காது.

இதில் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. நான் வேலை செய்த இடத்தில் ஓர் அழைப்புக்குச் சராசரி ஏழு நிமிடம் என்று இலக்கு. இந்தத் தம்பி மூன்று தடவையுமாகச் சேர்த்து 73 நிமிடம் எடுத்திருக்கிறார், பத்து அழைப்பின் நேரம். அந்த அறிக்கையைப் பார்க்கிறவருக்கு மெஷினும் தெரியாது, மோட்டாரும் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். மாதத்துக்கு ஒருவருக்கு நாலைந்து அழைப்புகளைத்தான் நாங்கள் கேட்போம். இந்த அழைப்பு அந்த நாலைந்தில் வரும் என்று என்ன நிச்சயம்? நியாயமாகச் சொன்னால், எல்லோரும் எல்லோரிடமும் 47 நிமிடம் பேசினால் வரிசையில் நிற்கிற மற்றவர்கள் செத்தார்கள். இந்த நேரத்துக்கு நியாயம் உண்டு என்று காட்ட வேண்டுமானால், கடிதம் நேரத்தை மறைக்கக் கூடாது, எதற்குப் போனது என்று சொல்ல வேண்டும். கூடவே ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன்: அதன் பிறகு நான் மறுபடி கூப்பிடவில்லை, கூப்பிடத் தேவையும் இல்லை. கம்பெனிக்குச் செலவு நீண்ட அழைப்பில் இல்லை, திரும்பத் திரும்ப வரும் அழைப்பிலும் வீணாகப் போய்வரும் டெக்னீஷியனிலும் இருக்கிறது. மூன்று நிமிடத்தில் முடித்த முதல் அழைப்பு, உண்மையில் முடியவே இல்லை.

கடைசியில் போன கடிதம் இது. எண்களையும் பெயரையும் இங்கே எடுத்துவிட்டேன்.

"பொருள்: பாராட்டும், தவறாக அழுத்திய மதிப்பெண் பற்றிய விளக்கமும். சேவை எண் …

வணக்கம். நவம்பர் 15, வெள்ளி இரவு உங்கள் எஸ்எம்எஸ்ஸுக்கு நான் 1 என்று பதில் அனுப்பினேன். 1 என்றால் முதல் தரம் என்று நினைத்துவிட்டேன். நான் கொடுக்க நினைத்தது 5. தவறு என்னுடையது, உங்கள் ஊழியர் … அவர்களுடையது அல்ல.

14ஆம் தேதி இரவு அவர் என்னிடம் 47 நிமிடம் பேசினார். அதற்கு முன் இரண்டு தடவை நான் கூப்பிட்டிருந்தேன், ஒரு தடவை ஆளும் வந்து போயிருந்தார், ஆனால் மெஷின் சாயங்காலத்தில் மட்டும் நின்றது. அவர் பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு, எங்கள் வீட்டில் மோட்டார் எப்போது போடுவார்கள் என்று கேட்டார். அதில்தான் காரணம் கிடைத்தது. டேங்க் காலியாகும்போது மெஷினுக்கு வேண்டிய அழுத்தம் இல்லை. எனக்கு வயது 67, மாடி ஏற முடியாது. பக்கத்து வீட்டுப் பையன் போய்ப் பார்த்து வரும்வரை அவர் காத்திருந்தார். அந்த நேரமும் 47 நிமிடத்தில் சேர்ந்தது.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு உங்கள் அலுவலக எண்ணிலிருந்து கூப்பிட்டு, வலையைச் சுத்தம் செய்ய வழி சொன்னார். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டுச் சரிபார்த்தார். மெஷினில் குறை இல்லை, டேங்கைத்தான் உயர்த்த வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னார். அதன் பிறகு நான் உங்களைக் கூப்பிடவில்லை, கூப்பிடத் தேவையும் இல்லை.

அந்த 1ஐ அவர் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அவரும் படிக்கும்படி கொடுங்கள்."

கடைசி வரி மட்டும் அத்தையுடையது. பாராட்டு மேலாளரிடம் போகிறது, பேசியவனுக்குத் தெரியாமலே போகலாம் என்று நான் சொன்னதும் அவராகவே சேர்த்தார். மேலே ஆங்கிலத்தில் நாலு வரிச் சுருக்கம் ஒன்றையும் நான் ஒட்டினேன். தமிழில் பேச ஆள் வைத்திருப்பார்கள், மெயில் பெட்டியில் தமிழ் படிப்பவர் இருப்பாரா என்பது வேறு கதை.

கடிதத்தை மெயிலில் அனுப்பினோம். மதிப்பெண் பற்றிக் கூப்பிட்ட அதே பெண்ணின் கவனத்துக்கு என்று மேலேயே எழுதினோம், பேச்சினூடே அவர் பெயரை அத்தை குறித்து வைத்திருந்தார். பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. முதல் பத்தி அதே அச்சு வார்த்தை, அன்பான சொற்களுக்கு நன்றி. இரண்டாவது பத்தியில் இரண்டு வரி: மதிப்பெண் அவர் மாதக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டது, கடிதம் அவரிடம் கொடுக்கப்பட்டது. மோட்டார்க் கேள்வியை மற்றவர்களும் கேட்கப் போகிறார்களா என்று எதுவும் இல்லை. அதை அந்தக் கடிதத்தில் நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆலோசனைப் பிரிவுக்குப் போயிருக்கும்.

டிசம்பர் முதல் வாரம் ஓனர் இரும்பு ஸ்டாண்ட் வைத்து டேங்கைத் தூக்கினார். பாதிச் செலவு அத்தையுடையது. நாலடி உயர்ந்ததில் டேங்க் காலியாகும் நேரத்திலும் 0.34 பார் கிடைக்கும், விளிம்பில்தான். வலையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழுவாவிட்டால் மறுபடி தகராறு செய்யும் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் அத்தை சொல்லி வைத்திருக்கிறார். இப்போது சாயங்காலம் மெஷின் ஓடுகிறது.

பதில் வந்த அன்றே இன்னொரு எஸ்எம்எஸ்ஸும் வந்தது. கடிதத்துக்கென்று போட்ட சேவை எண்ணை மூடியதற்கு மதிப்பெண் கேட்டு, 1 முதல் 5. அத்தை எனக்குப் போன் செய்தார்.

"டேய், இதுல எதுடா பெருசு? படிச்சுச் சொல்லு."

அந்த எஸ்எம்எஸ்ஸை எனக்கு அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். எது நல்லது, எது மோசம் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.